டிபெண்டன்ட் விசா விண்ணப்பத்தைத் தவறாக நிரப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், விசா சேவைப் பிரிவு

பொருள்: ஸ்பான்சர், ரெசிடென்ஸ் பர்மிட் விவரங்களைப் பிழையாக எழுதியதால் விண்ணப்பம் திருப்பப்பட்டமை

மதிப்பிற்குரிய ஐயா,

வெளிநாட்டில் பணிபுரியும் என் கணவருடன் சேர்ந்து வாழ்வதற்காக, எனக்கும் எங்கள் மகளுக்கும் டிபெண்டன்ட் விசா பெற்றுத் தரும் பொறுப்பைத் தங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். விண்ணப்பம் திரும்பி வந்த நாளிலிருந்து, தொலைபேசியில் கேட்டால் நேரில் வரச் சொல்வதும், நேரில் வந்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்வதும், மின்னஞ்சலுக்குப் பதிலே வராமல் போவதுமாக அலைந்து அலுத்துப்போன பிறகே இதை எழுதுகிறேன்.

திரும்பி வந்த படிவத்தைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஸ்பான்சரின் பெயர் என்ற கட்டத்தில் என் கணவர் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அதற்கு அடுத்து, ஸ்பான்சர் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்று கேட்கும் கட்டத்தில் ‘கணவர்’ என்று தங்கள் ஊழியர் எழுதியிருக்கிறார். ஒரு கம்பெனியை எனக்குக் கணவராக்கிய அந்தப் படிவத்தைத் தங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லையா? சில நாடுகளில் ஊழியரின் குடும்பத்துக்கும் நிறுவனமே ஸ்பான்சராக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நாங்கள் விண்ணப்பித்த பிரிவில் நிறுவனம் ஸ்பான்சர் செய்வது என் கணவரை மட்டுமே. என்னையும் மகளையும் ஸ்பான்சர் செய்பவர் அவர். அதனால்தான் அவருடைய சம்பளச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், எங்கள் திருமணச் சான்று ஆகியவற்றைக் கேட்கிறார்கள். அவை அனைத்தையும் எங்களிடம் வாங்கி இணைத்துவிட்டு, ஸ்பான்சராக வேறொருவரைக் காட்டினால் கோப்பு எப்படி நகரும்?

இதைக் கேட்கத்தான், விடுப்பு எடுத்துக்கொண்டு மகளுடன் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கவுன்டரில் இருந்தவர் கோப்பைத் திறக்காமலேயே, “நீங்கள்தான் சம்பாதிக்கிறீர்களே, பிறகு எப்படி டிபெண்டன்ட் ஆவீர்கள்?” என்று காத்திருந்த அனைவரும் கேட்கும்படி சொன்னார். கணவன், மனைவி என்றால் டிபெண்டன்ட் என்பது வருமானத்தைப் பற்றியதன்று. என் தங்கும் உரிமை என் கணவரின் உரிமையைச் சார்ந்தது என்பதுதான் அதன் பொருள். பெற்றோரையோ வளர்ந்த பிள்ளைகளையோ அழைக்கும்போது, அவர்கள் பொருளாதார ரீதியாகச் சார்ந்திருப்பதை நிரூபிக்கச் சொல்வது உண்டு. மனைவி விஷயத்தில் பொதுவாக அப்படிக் கேட்பதில்லை. இதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியிருப்பதே வேடிக்கை. அதோடு விட்டாரா? தொழில் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று யோசனையும் சொன்னார். பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் விசா மறுக்கப்படுவதுடன், பின்னால் செய்யும் விண்ணப்பங்களும் அடிபடும். அதற்குக் கையெழுத்துப் போடுபவள் நான், அவர் அல்லர். அந்த ஊழியரின் குரல் இன்னும் காதில் எரிகிறது.

ரெசிடென்ஸ் பர்மிட் எண் கேட்கும் இடத்திலும் இதே அலட்சியம். என் கணவரின் பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருக்கும் நுழைவு விசாவின் எண்ணையும் காலாவதித் தேதியையும் எடுத்து எழுதியிருக்கிறார்கள். அது நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும் கொடுக்கப்பட்டது; அவர் சென்று சேர்ந்த பிறகு அதன் காலம் முடிந்துவிட்டது. தங்குவதற்கான அனுமதி தனி அட்டையாக, தனி எண்ணுடன் இருக்கிறது. அதன் இரு பக்க நகலையும் முதல் நாளே கொடுத்திருந்தோம். காலாவதியான தேதியைப் பார்க்கும் அதிகாரி, ஸ்பான்சருக்கே அங்கே தங்க அனுமதி இல்லை என்றுதானே எண்ணுவார்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பர்மிட்டின் காலம் பெரும்பாலும் என் கணவரின் பர்மிட் முடியும் நாளைத் தாண்டாது. அவருடையது முடியச் சில மாதங்களே இருந்ததால், முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் தாங்கள். இந்தத் தாமதத்துக்குள் எங்கள் மருத்துவச் சான்றும் காவல்துறைச் சான்றும் செல்லுபடியாகாமல் போயின. எங்கள் குடும்ப வாழ்க்கையே தங்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்றால் அது மிகையாகாது.

தங்கள் மீது நம்பிக்கை வைத்தே வந்தோம். இப்போதும் சுமுகமாக முடிக்கவே விரும்புகிறேன். இரு விண்ணப்பங்களையும் சரியான விவரங்களுடன் மீண்டும் தயாரித்து, சமர்ப்பிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் எனக்குக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். சேவைக் கட்டணத்தையும், புதிய சான்றுகளுக்கான செலவையும் தாங்களே ஏற்க வேண்டும். அந்தக் கவுன்டர் ஊழியர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், பிழையான படிவத்தின் நகலுடன் நுகர்வோர் நீதிமன்றத்தை அணுகுவேன். பொய் எழுதச் சொன்னதைத் தூதரகத்துக்கும் தெரியப்படுத்துவேன். எப்படியானாலும், எங்கள் அசல் திருமணச் சான்றையும் மகளின் பிறப்புச் சான்றையும் உடனே திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்