ஒரே பில்லுக்குப் பணம், கார்டு, வாலட் மூன்றிலும் வரவு வந்தால்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளில் ஒரு பில்லின் கீழ் எத்தனை வரவுப் பதிவு வேண்டுமானாலும் சேர்க்கும் வசதி வந்துவிட்டது. வாங்க வருபவர் கொஞ்சம் வாலட்டில் அனுப்பி, கொஞ்சம் கார்டில் தேய்த்து, மீதியை நோட்டாக நீட்டினால் என்ன செய்வது என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத் திரையே காட்டிவிடும். எதை எந்த வரிசையில் பதிய வேண்டும், ஏன் அப்படி என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இப்போதைக்குக் கடைகளில் இரண்டு விதமான பழக்கம் இருப்பதைப் பார்க்கிறோம். ஒன்று, முழுத் தொகையையும் 'கலப்பு' என்று ஒரே வரியில் போட்டுவிடுவது. பில் போடும் நேரத்தில் இது சுலபம்தான். இரவு கல்லாவை எண்ணும்போதுதான் வலி தெரியும். அந்த வரியில் எவ்வளவு நோட்டு, எவ்வளவு கார்டு என்பது யாருக்கும் நினைவிருக்காது. கல்லாவில் குறைகிறதா, கூடுகிறதா என்று சொல்லவே வழியிருக்காது.

இன்னொன்று, ஒரு விற்பனையை மூன்று பில்லாக உடைப்பது. இது அதைவிட மோசம் என்பது எங்கள் கருத்து. வரி கணக்கிடப்படுவது பொருளுக்கு. பணம் எந்த வழியில் வந்தது என்பதற்கு அதில் இடமில்லை. ஒரே ஒரு பொருள் வாங்கியவருக்கு அந்தப் பொருளை மூன்று துண்டாக்கியா பில் போடுவீர்கள்? அப்படிப் போட்டால் ஒவ்வொரு துண்டிலும் வரியின் கடைசி இலக்கம் தனித்தனியாக முழுமையாக்கப்பட்டு, மூன்றையும் கூட்டும்போது சில்லறை வித்தியாசம் வரலாம். பில் எண்ணிக்கை வீங்கும், ஒரு பில்லின் சராசரித் தொகை குறைந்து காட்டும். பொருளைத் திருப்பித் தர வருபவர் மூன்றில் ஒரு பில்லை மட்டும் கொண்டு வந்தால் அப்புறம் தேடல்தான். ஆகவே விற்பனை ஒன்று என்றால் பில்லும் ஒன்றுதான். பிரிய வேண்டியது அதன் கீழுள்ள வரவு மட்டும்.

ஒரு பில்லை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மொத்தம் 3,645. வாங்கியவர் வாலட்டில் 500, கார்டில் 2,000, மீதி பணமாகத் தருகிறேன் என்கிறார். முதலில் வாலட்டை முடியுங்கள், அடுத்து கார்டு, கடைசியில் பணம். பணம் ஏன் கடைசியில்? வாலட்டிலும் கார்டிலும் கேட்ட தொகை அப்படியே வரும் அல்லது வரவே வராது. நோட்டில்தான் கூடுதலாகக் கொடுத்துச் சில்லறை வாங்குவார்கள். பணத்தை முதலில் வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, பிறகு கார்டு மறுக்கப்பட்டால் வாங்கியதை எண்ணித் திருப்பித் தர வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உங்களையே பார்ப்பார்கள். மற்ற இரண்டும் உறுதியான பிறகு பாக்கி எவ்வளவு என்று திரை தானாகவே காட்டும். இங்கே அது 1,145.

அவர் 1,500 கொடுக்கிறார் என்று வையுங்கள். பணப் பதிவில் 'கொடுத்தது' என்ற இடத்தில் 1,500 என்று அடியுங்கள். சில்லறை 355, பில்லுக்குச் சேர்ந்தது 1,145 என்று மென்பொருள் பிரித்துக்கொள்ளும். பில்லின் கீழ் இப்படித் தெரியும்:

```
பில் மொத்தம்                    3,645
1. வாலட்   500    பரிவர்த்தனை எண்
2. கார்டு   2,000  ஒப்புதல் எண், கடைசி 4 இலக்கம்
3. பணம்    1,145  கொடுத்தது 1,500, சில்லறை 355
பாக்கி                              0
```

கல்லாவில் கூடியது 1,145தான், 1,500 அல்ல. இரவு எண்ணும்போது சரியாக 355 குறைந்தால், யாரோ கொடுத்த தொகையையே வரவாகப் பதிந்திருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். அன்றைய பில்களில் 355 சில்லறை தந்தது எது என்று தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். இன்னொரு விஷயம்: கார்டுத் தொகை அந்தப் பில்லின் பாக்கியைத் தாண்டினால் மென்பொருள் ஏற்காது. கார்டில் கூடுதலாகத் தேய்த்து மிச்சத்தை நோட்டாகக் கொடுக்கும்படி சிலர் கேட்பார்கள். அது விற்பனை ஆகாது, கையில் பணம் எடுத்துக் கொடுப்பதாகிவிடும். விற்பனைப் பதிவுக்குள் அதற்கு இடம் வைக்கவில்லை.

வாலட், கார்டு இரண்டு வரியிலும் எண் கேட்கிறதே, அதைத் தட்டிக்கழிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். கார்டு மெஷின் ஒப்புதலை வாங்கிவிட்டு, ஸ்லிப் அச்சாகும் முன் இணைப்பு அறுந்து நின்றுவிடும் நேரம் உண்டு. கவுண்டரில் இருப்பவர் போகவில்லை என்று நினைத்து மறுபடி தேய்ப்பார். வாங்கியவர் கணக்கிலிருந்து 2,000 இரண்டு முறை போய்விடும். அப்படி நின்றால் உடனே மறுபடி தேய்க்காமல், மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையின் நகலை எடுத்துப் பாருங்கள். அதே தொகை, அதே கார்டின் கடைசி 4 இலக்கம், சில நிமிடம் முந்தைய நேரம் என்று இருந்தால் பணம் வந்துவிட்டது. அந்த ஒப்புதல் எண்ணைப் பதிவில் போடுங்கள். வாலட்டில் 'நிலுவையில்' என்று காட்டினால் அது இன்னும் வரவு ஆகவில்லை. வாங்கியவர் தன் போனில் பச்சைக் குறியைக் காட்டினாலும், உங்கள் பக்கத்துத் தகவல் வந்த பிறகே பதியுங்கள். ஒரே பரிவர்த்தனை எண்ணை இரண்டு வரியில் போட்டால் மென்பொருள் தடுக்கும். ஆனால் ஒருவர் இரண்டு கார்டில் பிரித்துக் கொடுத்தால் அது இரண்டு வரிதான். இரண்டையும் கூட்டி ஒன்றாக எழுத வேண்டாம்.

அடுத்து, அதிகம் குழப்புகிற இடத்துக்கு வருவோம். கார்டில் வந்த 2,000 அன்று மாலை உங்கள் கையில் இருக்காது, வங்கியிலும் இருக்காது. வர வேண்டிய பணமாகவே நிற்கும். அன்றைய கார்டு வரவுகள் எல்லாம் ஒரு கட்டாகச் சேர்ந்து, கட்டணம் கழிந்து, பிறகே வங்கிக் கணக்கில் ஏறும். எடுத்துக்காட்டாக, அன்று கார்டில் மொத்தம் 18,400 வந்தது, கட்டணம் 1.5 சதவீதம் என்றால் கழிவது 276. வங்கியில் 18,124 ஏறும். இதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பில்லுக்கும் போய்க் கார்டு வரியைக் குறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாங்கியவர் உங்களுக்குக் கொடுத்தது 2,000. அவருடைய பில் தீர்ந்தது அந்தத் தொகையால். 1,970 என்று மாற்றினால் பில்லில் 30 பாக்கி நிற்கும். 276 உங்கள் கடையின் செலவு. அதை அந்தக் கட்டுக்கு எதிராக ஒரே ஒரு செலவுப் பதிவாகப் போட்டால் கார்டு கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். வராமல் ஏதாவது ஒரு தொகை தொங்கினால், அந்தத் தொகைக்கு ஈடான கார்டு வரி ஒன்று அடுத்த நாள் கட்டில் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரவு மெஷினின் கட்டை மூடிய பிறகு போட்ட பில்கள் இப்படித்தான் நழுவும்.

வாலட்டுக்கும் இதே முறைதான், ஆனால் தனிக் கணக்கு. அதன் கட்டணமும் வேறு, பணம் ஏறும் நாளும் வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் எது வந்தது, எது வரவில்லை என்று பிரிக்கவே முடியாது.

பொருள் திரும்பி வந்தால்? நம் பில்லிலேயே 900 மதிப்புள்ள பொருளைத் திருப்பித் தருகிறார் என்போம். பழைய வரியைத் திருத்தாதீர்கள். 'திருப்பிக் கொடுத்தது' என்று புதிய வரி போடுங்கள். அது எந்த வரவுக்கு எதிரானது என்று திரை கேட்கும். கார்டைத் தேர்ந்தால் 2,000 வரையும், வாலட்டைத் தேர்ந்தால் 500 வரையும் அனுமதிக்கும். இங்கே 900 முழுவதையும் கார்டுக்கே அனுப்பலாம். கார்டில் வந்ததற்கு நோட்டாகத் திருப்பிக் கொடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அவர் பிறகு தன் வங்கியில் அந்தக் கார்டுப் பரிவர்த்தனை மீது புகார் கொடுத்தால், பணம் உங்களிடமிருந்து இரண்டாவது முறையும் போகும். நீங்கள் நோட்டாகக் கொடுத்தது கார்டு பதிவில் எங்கும் இருக்காது. பணமாக வந்த பங்கை மட்டும் பணமாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

அறிக்கைகளை விரிதாளில் இறக்கிக் கூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரவு அறிக்கையில் நம் பில் மூன்று வரியாக வரும், மூன்றிலும் பில் மொத்தம் 3,645 என்ற பத்தி இருக்கும். அந்தப் பத்தியைக் கூட்டினால் 10,935 விற்றதாகக் காட்டும்! விற்பனைக்கு விற்பனை அறிக்கையைக் கூட்டுங்கள், வரவு அறிக்கையில் 'சேர்ந்த தொகை' பத்தியை மட்டும் கூட்டுங்கள்.

ஏற்கெனவே 'கலப்பு' என்று கிடக்கும் பழைய பில்களைப் பிரிக்கலாம், அவசரம் இல்லை. கார்டு ஸ்லிப்பும் வாலட்டின் பட்டியலும் கையில் இருப்பதை மட்டும் எடுங்கள். 'வரவைப் பிரி' என்பதைத் தொட்டால் பழைய வரி ரத்தாகி, அதே பில் எண்ணில் புதிய வரிகள் வரும். ரத்தான வரி அழியாமல் குறிப்போடு நிற்கும். ஆதாரம் உள்ள கார்டையும் வாலட்டையும் முதலில் போட்டு, மிச்சத்தைப் பணம் என்று எழுதுவீர்கள், சரி. ஆனால் அந்த மிச்சம் வெறும் ஊகம்தான். அன்றைய பில்கள் எல்லாவற்றையும் பிரித்து முடித்ததும் பணத்தின் கூட்டல், அன்று இரவு எழுதிவைத்த கல்லாத் தொகையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு ஸ்லிப் விடுபட்டிருக்கிறது. கணக்கு முடித்துக் கணக்காளரிடம் கொடுத்துவிட்ட மாதங்களை மென்பொருள் திறக்காது. அவற்றில் கை வைப்பதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள், நாங்கள் திறந்து தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் மென்பொருள் குழுவினர்