ஃபார்மேட் செய்யும் முன் பயாஸைப் பாருங்கள்: கணினிக் கடையின் சேவைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேவைப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய கணினி, கேம் ஆடும்போது பாதியிலேயே நின்று டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடும் கதை உங்கள் ஜாப் ஷீட்டுகளில் முழுமையாக இருக்கிறது. ஒருமுறை விண்டோஸை ஃபார்மேட் செய்தீர்கள், அடுத்த முறை கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினீர்கள், கடைசியாக கிராபிக்ஸ் கார்டே பழுது என்று எழுதிப் புதிய கார்டுக்கு விலை சொன்னீர்கள். விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கி, ரேம், ப்ராசஸர் வேகங்களை நிர்ணயிக்கும் பயாஸின் அமைப்புகளை இயல்புநிலைக்குத் திருப்பிப் பார்த்ததாக எந்த ஷீட்டிலும் ஒரு வரி இல்லை. பழுது தேடும் எவரும் முதலில் அதைச் செய்ய வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

தண்டையார்பேட்டையிலிருந்து கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினட்டை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் வந்து போன சிரமத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த ஃபார்மேட்டை விட முடியவில்லை. என் அக்கா வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். அவர் இரவு உட்கார்ந்து தட்டச்சு செய்த கணக்கு வினாத்தாள்கள் எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. “சி டிரைவை மட்டும்தான் அழிப்போம், மற்றவை பத்திரமாக இருக்கும்” என்றார் உங்கள் ஊழியர். டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பதை அவர் அறியாதவரல்லர். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரத்தில் அக்கா அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்தார், அதன் பிறகும் கேம் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஏன் நின்றது என்பதை இப்போது சொல்ல முடியும். 3600 வேகத்துக்கு விற்கப்பட்ட இரண்டு டிடிஆர்4 ரேம்களோடு வந்த கணினியில், பின்னர் நீங்களே அதே வகையில் இன்னும் இரண்டைச் செருகிக் கொடுத்தீர்கள். ரேமை அந்த வேகத்தில் ஓடச் செய்யும் எக்ஸ்எம்பி என்ற பயாஸ் அமைப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டீர்கள். அந்த 3600 என்பது இயல்பான வேகமன்று, 1.35 வோல்ட் கொடுத்து எட்டச் செய்யும் ஓவர்கிளாக். இரண்டு ரேமுக்குத் தாங்கிய அந்த வேகம் நான்கு ரேமுக்கும் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை, ஏனெனில் கூடுதல் சுமை ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் மீதுதான் விழுகிறது. போதாததற்கு, சூடு குறைய வேண்டுமென்று பயாஸின் Curve Optimizer பகுதியில் ப்ராசஸரின் வோல்டேஜையும் குறைத்து வைத்திருந்தீர்கள்.

பயாஸின் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, Load Optimized Defaults கொடுத்து, F10 அழுத்திச் சேமித்தேன். ரேம் 2666 வேகத்துக்கும் 1.2 வோல்ட்டுக்கும் இறங்கியது. அரை மணி நேரம் தாண்டாத அதே கேம் இரவு முழுவதும் ஓடியது. பிறகு Curve Optimizer மாற்றத்தை மட்டும் திருப்பி வைத்தபோதும் சிக்கல் இல்லை. அதை நீக்கிவிட்டு எக்ஸ்எம்பியை மட்டும் இயக்கியதும் கேம் மறுபடி நின்றது. ரேம் வேகத்தைக் கையால் 3200 என வைத்த பின் இன்றுவரை நிற்கவில்லை. மாற்றங்களை ஒவ்வொன்றாகத் தனியே திருப்பி வைத்ததால்தான் குற்றவாளி எது என்று தெரிந்தது.

பிழைச் செய்தியில் கிராபிக்ஸ் டிரைவரின் பெயர் வந்ததே என்று கேட்பீர்கள். ரேமில் ஒரு பிட் புரண்டாலும், அந்தத் தரவை அந்நேரம் கையில் வைத்திருந்த நிரலின் பெயரில்தான் பழி விழும். ஒவ்வொரு முறையும் வேறுவேறு பிழை வந்ததை உங்கள் ஷீட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்திருந்தாலே கண்டிருக்கலாம். அதைவிட, ரேம் நிலையில்லாதபோது விண்டோஸை நிறுவினால் புதிய கோப்புகளே பழுதாக எழுதப்படக்கூடும். ஆகவேதான் ஃபார்மேட்டுக்கு முன்னால் பயாஸ் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. இயல்புநிலையிலும் கேம் நின்றால் பவர் சப்ளை, ரேம், கார்டு என்று ஒவ்வொன்றாகத் தாராளமாகச் சந்தேகியுங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பல மதர்போர்டுகளின் இயல்புநிலையே மின்வரம்பைத் தளர்த்தி வைத்திருந்ததால், அங்கே 2024இல் வந்த பயாஸ் அப்டேட்டையும் போட வேண்டும். இயல்புநிலைக்குத் திருப்பும்போது ஸ்டோரேஜ் மோடு மாறினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீ கேட்கலாம். ஆகவே பழைய அமைப்புகளையும் அந்தக் கீயையும் முன்கூட்டிக் குறித்துக்கொள்வதும் உங்கள் வேலைதான். “பயாஸில் கை வைத்தால் வாரண்டி போய்விடும்” என்று எங்களுக்கு எச்சரிக்கை ஒட்டும் நீங்கள், அதில் நீங்கள் வைத்த கையை மட்டும் ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். கேம் நின்றுபோகிறது என்று வரும் எந்தக் கணினியிலும் முதலில் பயாஸை இயல்புநிலைக்குத் திருப்பிச் சோதித்து, அதை ஜாப் ஷீட்டில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் ஷீட்டில் உள்ள “கிராபிக்ஸ் கார்டு பழுது” என்ற வரியை அடித்துத் திருத்தி, ஃபார்மேட்டுக்கு வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர் ஒருவர்