கொப்பரையில் கொட்டிய சர்க்கரை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சேகருக்கு,

ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது, ஒரு வரிகூட நான் எழுதவில்லை. மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். மாமா இன்னும் அதே சைக்கிள்தான்.

உன் கடிதத்தில் ஒரு வரி மூன்று நாளாக உறுத்துகிறது. 'சர்க்கரையை விட்டுவிட்டேன், இப்போது கருப்பட்டிக் காபிதான், நாலு வேளை.' டேய், உனக்குச் சுகர் இருக்கிறது! வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதேதான், கூடக் கொஞ்சம் தாது உப்பு. ரத்தத்தில் அதுவும் ஏறத்தான் செய்யும். டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே.

அதோடு, நீ வாங்குவது கருப்பட்டிதானா? போன தை மாதம் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வெல்ல ஆலைக்குப் போயிருந்தேன். கொப்பரையில் சாறு கொதித்தது. சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, மேலே பொங்கிய அழுக்கை வழித்தார்கள். அதுவரை சரி. அப்புறம் ஒருவர் சர்க்கரை மூட்டையைப் பிரித்து உள்ளே கொட்டினார். பாகு இறுகும் நேரத்தில் வெள்ளையாக ஒரு பொடி, ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு மருந்து. பழுப்பாக இருந்த பாகு என் கண்ணெதிரே மஞ்சளாக வெளுத்தது. கடைகளில் மஞ்சள் வெல்லம்தான் விலைபோகிறதாம்.

அங்கே ஒரு கிலோ வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். ஆடிக்குள் அந்த மஞ்சள் போய்ப் பழுப்பேறிவிட்டது; காற்றுப் பட்டால் அந்த வெளுப்பு நிற்பதில்லை. உடைத்தால் உள்ளே மினுமினுவென்று சர்க்கரைப் படிகம், கடித்தால் நறநற. பக்கத்து ஆலையில் வாங்கிய கரும்பழுப்பு உருண்டை நகத்தால் அழுத்தினாலே பொடிந்தது.

கருப்பட்டியையும் இப்படியே உடைத்துப் பார். முறிந்த இடம் மங்கலாக இருக்க வேண்டும். வெள்ளையாக மின்னினால் சந்தேகப்படு. வாயில் போட்டால் பதநீர் வாசம் வர வேண்டும். வெறும் தித்திப்பு மட்டும் வந்தால் வேண்டாம். வெந்நீரில் கரைத்தால் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு தங்கும். பதநீர்க் கலயத்தில் தடவுவதுதானே, அது கலப்படம் இல்லை. ஆனால் இதெல்லாம் சந்தேகத்தைக் காட்டும், அவ்வளவுதான். உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும்.

இங்கே மழை பிடித்துவிட்டது. கடல்காற்று ஈரத்தில் வெல்லம் ஒரே வாரத்தில் கசிந்து பிசுபிசுக்கும், பிறகு பூஞ்சை. வெள்ளைச் சர்க்கரை இவ்வளவு சீக்கிரம் இளகாது. அதனால் வெயில் நாளிலேயே காயவைத்த கண்ணாடி ஜாடியில் இறுக மூடிவிடுகிறேன். தினச் செலவுக்குச் சின்ன டப்பாவில் தனியாக. பெரிய ஜாடியை அடிக்கடி திறந்தால் பயனில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் உருண்டை மேலேயே வியர்த்துவிடும்.

உன் கருப்பட்டியில் பாதியை உடைத்துப் பார்த்துவிட்டு, முறிந்த இடம் எப்படி இருந்தது என்று எழுது. கூடவே கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அளவையும்.

அன்புடன்,
முருகன்