வாய்தா தேதி வேறு, கெடு தேதி வேறு

தருமபுரி மாவட்டக் கோர்ட்டுகளில் வழக்கு நடத்தும் ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, பெரியவர்களே,

கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, செல்போனை என்னிடம் நீட்டி, "தம்பி, வாய்தா என்னைக்குன்னு பாரு" என்கிறீர்கள். eCourts Services செயலியில் வழக்கு எண்ணைப் போட்டு, அடுத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறேன். நீங்களும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். அந்தத் துண்டுச் சீட்டை நம்பி என் சொந்த மாமாவே மாட்டிக்கொண்டார். சீட்டு எழுதியவன் நான். அதனால்தான் இந்த மடல்.

மாமாவுக்குப் பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம். புரோநோட்டுக் கடன் ஒன்றுக்காக அவர்மேல் பண வழக்கு போட்டிருந்தார்கள். உடம்பு முடியாமல் இரண்டு வாய்தா போகவில்லை. வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது அவர் இல்லாமலே விசாரணை முடிந்து, பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பும் வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை நீக்கச் சொல்லி முப்பது நாளுக்குள் செட் அசைடு மனு போட்டார். 2024 ஜூன் 11 அன்று மனுவில் உத்தரவு வந்தது. நான்கு பக்கம். மாமா கேட்டது ஒரே கேள்வி: "ஜெயிச்சிட்டமா?" நானும் கடைசிப் பக்கத்தில் "அனுமதிக்கப்படுகிறது" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "ஆமா மாமா, அடுத்த வாய்தா 27" என்றேன்.

அந்தக் கடைசிப் பத்தி முழுதும் இதுதான்:

"முடிவாக, மனுதாரர் எதிர்மனுதாரருக்கு ரூ.3,000 செலவுத்தொகையை 25.06.2024 அன்றோ அதற்கு முன்போ செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இம்மனு அனுமதிக்கப்படுகிறது. தவறினால் இம்மனு தள்ளுபடி செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். அழைக்க 27.06.2024."

மூன்றே வாக்கியம். முன்னால் இருக்கும் மூன்று பக்கமும் மனுதாரர் என்ன சொன்னார், எதிர்மனுதாரர் என்ன சொன்னார், நீதிபதி ஏன் இந்த முடிவுக்கு வந்தார் என்ற விவரம். அங்கே "மனுதாரர் வேண்டுமென்றே ஆஜராகவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்து மாமா அன்றிரவு தூங்கவில்லை. அது எதிர்த்தரப்பு சொன்னதை நீதிபதி எழுதி வைத்த வரி. கோர்ட் நம்மைச் செய்யச் சொல்வது எதுவோ, அது "முடிவாக" அல்லது "ஆகவே" என்று தொடங்கும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

அந்தப் பத்தியில் இரண்டு தேதி இருப்பதைக் கவனியுங்கள். 25 என்பது கெடு. பணம் அன்றைக்குள் போய்ச் சேர வேண்டும். 27 என்பது வாய்தா. பணம் கட்டியாயிற்றா என்று கோர்ட் கேட்கும் நாள். செயலியில் பெரிதாகத் தெரிவது வாய்தா மட்டும்தான். கெடுவைத் தெரிந்துகொள்ள உத்தரவைத்தான் படிக்க வேண்டும். மாமா 27ஆம் தேதி காலை மண்டியில் வாங்கிய பணத்தில் மூவாயிரத்தைத் தனியாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். வழக்கைக் கூப்பிட்டார்கள். கட்டவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். மனு தள்ளுபடி என்று பதிவாகிவிட்டது. கையில் பணத்தோடு நின்றுகொண்டே தோற்றார்.

"தவறினால்" என்று தொடங்கும் வாக்கியம் வேலை செய்வது இப்படித்தான். கெடு தாண்டினால் "அனுமதிக்கப்படுகிறது" என்ற சொல்லுக்கு உயிர் இல்லை. பழைய எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு அப்படியே நிற்கும். அதை வைத்து எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போடலாம், சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம்.

இன்னொரு இடத்திலும் பலர் விழுவதைப் பார்த்திருக்கிறேன். வாய்தா அன்று நீதிபதி லீவு, அல்லது வக்கீல்கள் புறக்கணிப்பு. செயலியில் தேதி இரண்டு வாரம் தள்ளிப் போயிருக்கும். "நல்லதாப் போச்சு, அதுக்குள்ள பணம் புரட்டிக்கலாம்" என்பார்கள். வாய்தா தள்ளிப் போனால் கெடு தள்ளிப் போகாது. கெடுவை நீட்டுவதென்றால் அதற்கு மனு போட்டு, கோர்ட் உத்தரவு போட வேண்டும். அதேபோல, நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் கைக்கு வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். உத்தரவில் தேதியே குறித்துவிட்டார்கள் என்றால், நகல் எப்போது வந்தாலும் அந்தத் தேதி மாறாது.

யாருக்குக் கட்டச் சொல்லியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சில உத்தரவில் எதிர்த்தரப்புக்கு, சிலவற்றில் கோர்ட்டில், சிலவற்றில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. எதிர்த்தரப்புக்கு என்றால் அவர்கள் வக்கீலிடம் கொடுத்து, வழக்கு எண்ணும் தேதியும் போட்ட ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால், கெடு முடிவதற்குள் உங்கள் வக்கீல் மூலம் மெமோ போட்டு, கோர்ட்டில் கட்ட அனுமதி கேளுங்கள். "கொடுக்கப் போனேன், வாங்கல" என்று வாய்தா அன்று வெறும் வாயால் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

கெடு தவறியவர்களுக்கு ஒரு வழி உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 148. கோர்ட் கொடுத்த கெடு முடிந்த பிறகும் அதை நீட்டிக் கொடுக்கலாம். மொத்தத்தில் முப்பது நாளுக்கு மிகாமல் என்று பிரிவு சொல்கிறது. நம் கைமீறிய காரணம் இருந்தால் அதற்கு மேலும் தரலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "தவறினால் தள்ளுபடி" என்று எழுதிய உத்தரவாக இருந்தாலும் கெடுவை நீட்டலாம் என்று அதற்கும் வெகு காலம் முன்பே, 1961இல், அதே கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் கேட்டாலே கிடைக்கும் உரிமை இல்லை இது. நீதிபதி காரணத்தைப் பார்த்துத் தருவது. நாள் போகப் போக வாய்ப்பு குறையும்.

மாமாவின் வக்கீல் மறுநாளே அந்த மனுவைப் போட்டார். தேதியைத் தப்பாகப் புரிந்துகொண்டதை உள்ளது உள்ளபடி அபிடவிட்டில் எழுதினோம். 27ஆம் தேதி பணத்தோடு வந்ததையும் எழுதினோம். கோர்ட் ஒரு வாரம் தந்தது, கூடுதலாக ஐந்நூறு ரூபாய் காஸ்ட் போட்டு. மூன்றாம் நாளே கட்டி ரசீது வாங்கிவிட்டோம். அதோடு வழக்கு முடிந்துவிட்டது என்று மாமா நினைத்தார். முடியவில்லை, திரும்ப ஆரம்பித்தது. மனு ஜெயித்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான் போகும். மூல வழக்கு மறுபடி உயிர்பெற்று, எதிருரை தாக்கல் செய்ய ஒரு தேதி விழும். அதுவும் ஒரு கெடுதான்.

இனி என் கடையில் துண்டுச் சீட்டு தர மாட்டேன். உத்தரவின் கடைசிப் பத்தியைப் பிரிண்ட் எடுத்து, கெடுவைச் சிவப்பிலும் வாய்தாவை நீலத்திலும் கோடிட்டுத் தருகிறேன். உத்தரவு செயலியில் இன்னும் ஏறவில்லை என்றால், வக்கீல் கோர்ட் ஹாலை விட்டு வெளியே வந்ததும் அவரிடம் இதைக் கேளுங்கள்: "சார், நான் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ள, யார்கிட்ட, செய்யலைன்னா என்ன ஆகும்?" வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100க்குப் போன் செய்யலாம். உத்தரவு கையில் வந்த அன்றே கேளுங்கள். கெடு அதற்கு முன்பே ஓட ஆரம்பித்திருக்கும்.

இப்படிக்கு,
கோர்ட் வாசல் டைப்பிங் கடைக்காரன்