காலை பத்து மணிக்கு ஜெயித்த தலைப்பு: ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். நம் இணைய இதழின் முகப்பில் ஒரே கட்டுரைக்கு இரண்டு தலைப்பு வைத்து, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் காட்டிப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவன் நான். இதை உங்கள் குழு மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் வேறு இரண்டு இதழ்களில் இருக்கும் நண்பர்களிடம் பேசியபோது சோதனை முடியும் முன்பே முடிவைப் பார்த்துத் தலைப்பை மாற்றும் இதே கதைதான் அங்கேயும் என்று தெரிந்தது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கருப்பட்டிக் கட்டுரை நினைவிருக்கும். அதற்கு இரண்டு தலைப்புகள். 'கலப்படக் கருப்பட்டியைக் கண்டுபிடிக்கும் வழிகள்' என்பது ஒன்று, 'நீங்கள் வாங்குவது கருப்பட்டிதானா?' என்பது இன்னொன்று. முதலாவதைச் செய்தித் தலைப்பு என்றும் இரண்டாவதைக் கேள்வித் தலைப்பு என்றும் வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குச் சோதனையைத் தொடங்கினோம். பத்து மணிக்கு உங்களில் ஒருவர் கூப்பிட்டார். "கேள்வி ஜெயிச்சிடுச்சு. டேஷ்போர்டே 95 சதவீதம்னு பச்சையா காட்டுது. மாத்திடலாமா?"

பொய்யில்லை. அந்த நேரத்தில் செய்தித் தலைப்பைப் பார்த்த 1,150 பேரில் 22 பேர் உள்ளே போயிருந்தார்கள். கேள்வித் தலைப்பைப் பார்த்த 1,140 பேரில் 38 பேர். ஆயிரம் பேருக்கு என்று கணக்குப் போட்டால் ஒரு பக்கம் 19, மறுபக்கம் 33. பார்த்தவுடன் யாருக்கும் கை துறுதுறுக்கும். கெஞ்சிக் கூத்தாடித்தான் இரண்டு நாள் ஓட விட்டேன். மறுநாள் இரவு கணக்கு இப்படி நின்றது: செய்தித் தலைப்பு 21,540 பேருக்கு 442 கிளிக், கேள்வித் தலைப்பு 21,650 பேருக்கு 469 கிளிக். அதாவது ஆயிரத்துக்கு 20.5, 21.7. காலையில் 14 ஆக இருந்த இடைவெளி ஒன்றுக்குச் சற்று மேலே என்று சுருங்கிவிட்டது.

அப்படியானால் காலையில் அந்த 95 சதவீதம் எங்கிருந்து வந்தது? அந்த எண்ணுக்கு ஒரு குறிப்பிட்ட அர்த்தம் உண்டு. இரண்டு தலைப்புக்கும் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லை என்றாலும், வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய இடைவெளி வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்பதுதான் அது. ஆனால் அந்த 'ஐந்து' என்பது, முன்கூட்டியே குறித்துவைத்த ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை பார்ப்பவருக்கான உத்தரவாதம். நீங்கள் ஏழு மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தரம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பத்து மணிக்குப் பார்த்தது ஆறாவது முறை.

பூவா தலையா போட்டுக்கொண்டே இருங்கள். 'தலை' முன்னால் இருக்கும் நேரம் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்ற சலுகையும் கூடவே இருக்கட்டும். அப்புறம் எந்தக் காசைப் போட்டாலும் தலைதான் ஜெயிக்கும். இதற்குப் புள்ளியியலில் பழைய, துல்லியமான கணக்கே இருக்கிறது. ஐந்து சதவீதம் என்று நினைத்துக்கொண்டு, சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, பச்சை தெரிந்த உடனே நிறுத்தினால், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 14 சதவீதமாகிறது. பத்து முறை பார்த்தால் 19. இருபது முறை பார்த்தால் ஏறக்குறைய 25. நாலில் ஒன்று!

நம்பிக்கை வரவில்லை என்றால் நான் போன மாதம் செய்த ஒரு குறும்பைச் சொல்கிறேன். மூன்று கட்டுரைகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே தலைப்பைப் போட்டேன். ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. அதில் ஒரு கட்டுரைக்கு மதியத்துக்குள் டேஷ்போர்டு பச்சையாகிவிட்டது. உங்கள் குழுவில் ஒருவர், 'இரண்டாவது தலைப்பில் ஒரு ஈர்ப்பு இருக்கிறது' என்று குறிப்பே எழுதிவிட்டார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் மேல் தப்பும் இல்லை, அந்தப் பச்சை விளக்கின் வேலையே அதுதான்.

சரி, எப்போதுதான் நிறுத்துவது? தொடங்கும் முன்பே ஆள் கணக்கைக் குறித்துவிட வேண்டும். அதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். வழக்கமாக ஆயிரம் பேரில் எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள்? எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நமக்குப் பொருட்படுத்தத் தக்கது? நம் முகப்பில் முதலாவது ஏறக்குறைய 20. இரண்டாவதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அது பத்திரிகை முடிவு. கருப்பட்டிக்கு 'ஆயிரத்துக்கு 4 கூடினால் போதும்' என்று வைத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்குத் தேவையான ஆட்களை இந்தச் சூத்திரம் தரும்:

```
n = 16 × p × (1 − p) ÷ d²
  = 16 × 0.022 × 0.978 ÷ 0.004²
  ≈ 21,500
```

`p` என்பது இரண்டு பக்கமும் சேர்ந்த சராசரி, அதாவது ஆயிரத்துக்கு 20க்கும் 24க்கும் நடுவே 22; `d` என்பது நாம் பிடிக்க விரும்பும் வித்தியாசம். அந்த அளவு வித்தியாசம் உண்மையில் இருந்தால், ஐந்தில் நாலு தடவை இந்தச் சோதனை அதைப் பிடித்துவிடும். முகப்புக்கு ஒரு நாளைக்கு வருகிறவர்கள் 22,000 பேர் போல. எனவே இரண்டு நாள். இரண்டு முழு நாள் என்பதும் முக்கியம். விடியற்காலையில் படிப்பவரும், மதிய உணவு நேரத்தில் அலுவலகத்தில் படிப்பவரும், இரவு பத்துக்குப் படுக்கையில் படிப்பவரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை.

இந்தச் சூத்திரத்தில் கசப்பான ஒரு சங்கதி இருக்கிறது. `d` வர்க்கமாகக் கீழே நிற்கிறது. ஆயிரத்துக்கு 4 என்பதை 2 ஆக்கினால் ஆட்கள் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ நாலு மடங்கு வேண்டும். ஒரு பக்கத்துக்கு எண்பதாயிரத்துக்கும் மேல். நம் முகப்பில் ஒரு கட்டுரை அத்தனை நாள் தங்குவதே இல்லை. ஆகவே ஒரு ஆச்சரியக்குறி வைக்கலாமா வேண்டாமா, 'எப்படி' முன்னால் வரலாமா பின்னால் வரலாமா என்பதையெல்லாம் சோதனைக்கு அனுப்பாதீர்கள். அவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தைப் பிடிக்கும் கூட்டம் நம்மிடம் இல்லை. உங்கள் காதுக்கு எது சரியோ அதைப் போடுங்கள்.

இன்னொரு விஷயத்தில் குற்றவாளி நான். சென்ற ஆண்டு கடைசியில் நடந்த சில சோதனைகளில் இரண்டாவது தலைப்பே திரும்பத் திரும்ப ஜெயித்தது. நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள், நானும்தான். இரண்டு வாரம் கழித்துத்தான் ஆள் கணக்கைப் பார்த்தேன். ஒரு சோதனையில் முதல் தலைப்புக்கு 21,900 பேர், இரண்டாவதற்கு 19,300 பேர். பாதிக்குப் பாதி பிரிக்கிறோம் என்றால் இவ்வளவு சாய்வு வரவே கூடாது. மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை எடுங்கள், 41,200க்கு அது 203. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைப்போல மூன்று மடங்கைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். இங்கே 2,600, அதாவது பதின்மூன்று மடங்கு.

காரணம் இதுதான். முதல் தலைப்பு பக்கத்திலேயே எழுதியிருந்தது. இரண்டாவது, பக்கம் திறந்த பிறகு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி மாற்றிப் போட்டது. மெதுவான போனில் பார்த்தவர்களில் பலர் அந்த ஸ்கிரிப்ட் ஓடி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் முதல் தலைப்பின் கணக்கில் 'பார்த்தும் கிளிக் செய்யாதவர்கள்' என்று எண்ணப்பட்டார்கள். இரண்டாம் தலைப்பின் கணக்கில் எண்ணப்படவே இல்லை. பொறுமையுள்ளவர்கள் மட்டும் மிஞ்சிய பக்கம் ஜெயிக்காமல் என்ன செய்யும்? அந்தச் சோதனைகளின் முடிவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன், நீங்களும் அவற்றிலிருந்து கற்றதாக நினைப்பதை மறந்துவிடுங்கள். இப்போது யாருக்கு எந்தத் தலைப்பு என்பதை சர்வரிலேயே முடிவு செய்கிறோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். தலைப்புச் சோதனைக்கே பேர்போன அமெரிக்கத் தளம் அப்வொர்த்தி. 2013 முதல் 2015 வரை அங்கே நடந்த 32,487 சோதனைகளின் தரவுகள் ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டன. அதிலும் ஒரு பகுதிச் சோதனைகளில் ஆட்களைப் பிரித்தது சரியாக நடக்கவில்லை என்று பின்னால் தெரியவந்தது.

பிரிப்பதைப் பற்றி இன்னும் ஒன்று. முன்பு நாம் எண்ணியது ஆட்களை இல்லை, முகப்பு எத்தனை முறை திறந்தது என்பதை. ஒரே வாசகர் நாளைக்குப் பத்து முறை வருவார், பத்து முறையும் எண்ணிக்கையில் ஏறுவார். போதாக்குறைக்குக் காலையில் ஒரு தலைப்பும் மாலையில் இன்னொன்றும் அவர் கண்ணில் படும். இப்போது ஒருவருக்கு ஒரு தலைப்புதான், கடைசிவரை அதேதான். கிளிக் செய்தாரா இல்லையா என்பது மட்டும் ஒரு முறை பதிவாகும். வாட்ஸ்அப் வழியாக நேரே கட்டுரைக்கு வருகிறவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்கள் நம் முகப்பையே பார்க்கவில்லையே.

கருப்பட்டிக்குத் திரும்புவோம். ஆயிரத்துக்கு 1.1 என்ற அந்த மிச்ச வித்தியாசத்தை எப்படி எடுத்துக்கொள்வது? கணக்குப்படி, உண்மையான வித்தியாசம் கேள்வித் தலைப்புக்கு 1.6 பாதகமாக இருப்பதிலிருந்து 3.9 சாதகமாக இருப்பதுவரை எங்கேயும் இருக்கலாம். இரண்டும் சமம் என்று இதற்கு அர்த்தமில்லை. கேள்வித் தலைப்பு கொஞ்சம் மேலாக இருக்கலாம், நம்மால் சொல்ல முடியவில்லை. அதேநேரம், நாம் தேடிய அந்த 4 இந்த எல்லைக்கு வெளியே விழுகிறது. ஆகவே பெரிய லாபம் இதில் இல்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். உங்களுக்குப் பிடித்த தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதற்கு வந்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. 'செல்போனில் வந்தவர்களை மட்டும் பார்த்தால் கேள்வித் தலைப்பு ஜெயிக்கிறதே?' ஆமாம், ஜெயிக்கிறது. வெளிநாட்டு வாசகர்களில் செய்தித் தலைப்பு ஜெயிக்கிறது. மாலை ஆறுக்கு மேல் மறுபடி கேள்வி. வாசகர்களைப் பத்துக் கூறாக வெட்டிப் பார்ப்பது டேஷ்போர்டைப் பத்து முறை திறந்து பார்ப்பதைப் போன்றதுதான். ஏதோ ஒரு துண்டு பச்சையாகத்தான் செய்யும். செல்போன் வாசகர்கள் விஷயத்தில் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், அதையே கேள்வியாக வைத்து அடுத்த கட்டுரையில் புதிதாகச் சோதிக்கலாம்.

இனி சோதனை ஓடும் நேரத்தில் டேஷ்போர்டில் இரண்டு பக்கத்து ஆள் எண்ணிக்கை மட்டும் தெரியும், கிளிக் தெரியாது. இந்தத் திங்கட்கிழமை அப்படி மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். தலைப்பில் தகவல் பிழை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அதற்கு கிளிக் கணக்கு தேவையில்லை. பிரேக்கிங் செய்திகளுக்கு இந்தச் சோதனையே வேண்டாம், இரண்டு நாள் காத்திருந்தால் செய்தி ஆறிப்போகும்.

அடுத்து நிற்பது ஏரி ஆக்கிரமிப்புக் கட்டுரை. அதற்கு இரண்டு தலைப்பும், ஆயிரத்துக்கு எத்தனை கூடினால் உங்களுக்குப் போதும் என்ற எண்ணும் வியாழக்கிழமைக்குள் வேண்டும். எண் வராமல் சோதனை ஓடாது.

இப்படிக்கு,
உங்கள் டேஷ்போர்டுக்காரன்