பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் அதற்குப் பிறகு வரும் வாரங்களும்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்து இன்றோடு மூன்று நாள்கள் ஆகின்றன. தேர்ச்சி பெறாத மாணவர்களின் வீடுகளுக்கும், எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைந்துபோனவர்களின் வீடுகளுக்கும் இந்தக் கடிதத்தைத் தனித்தனியாகக் கொடுத்தனுப்புகிறேன். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிப்பது, விடைத்தாள் நகல் கேட்பது ஆகியவற்றை வகுப்பாசிரியர் உங்களிடம் விளக்கியிருப்பார். நான் எழுத வந்தது வேறு விஷயம். உங்கள் மகனோ மகளோ வருத்தத்தைத் தாண்டி, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் அதை எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்டால் அன்றிரவே என்ன செய்வது என்பதுதான் அது.

முடிவு வரும் நாளில் எல்லாப் பெற்றோரும் விழிப்பாகத்தான் இருக்கிறார்கள். அன்று பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் கழிந்து பிள்ளை வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கியதும் வீடு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. என் அனுபவத்தில் கவலைக்குரிய நாள்கள் அதற்குப் பிறகும் வருகின்றன. கூடப் படித்தவர்கள் கல்லூரியில் சேர்ந்து அடையாள அட்டையோடு படம் போடும் நாள், உறவுக்காரர் திருமணத்தில் “எத்தனை மார்க்கு?” என்று நான்கு பேர் கேட்கும் நாள், துணைத் தேர்வுக்கு முந்தின இரவு, துணைத் தேர்வின் முடிவு வரும் நாள் ஆகியவை அவை. ஆகவே துணைத் தேர்வு முடிவு வந்து சில வாரங்கள் ஆகும்வரையாவது உங்கள் கவனம் தளராமல் இருக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் படித்த ஒரு மாணவனைப் பற்றி, அவனுடைய தாயாரின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். இயற்பியலில் அவனுக்கு மொத்தம் 43 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10 முழுமையாக வாங்கியிருந்தான்; ஆனால் 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுக்க வேண்டிய இடத்தில் அவன் எடுத்தது 13. இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று என்பது பெரியவர்களுக்கு ஆறுதலாகப் பட்டது. அவனுக்கோ அதுவே தாங்க முடியாததாக இருந்தது. எந்த இரண்டு மதிப்பெண் கேள்வியை விட்டேன் என்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

நான்கு நாள் அழுதான், யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து குளித்து, தலை சீவி, எல்லாரிடமும் இதமாகப் பேசினான். பையன் தேறிவிட்டான் என்று தந்தை வயலுக்குப் போய்விட்டார். தாயார் மட்டும் இரண்டு விஷயங்களைப் பார்த்தார். தான் உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் “நீயே வச்சுக்கடா” என்று கொடுத்தான். கடையில் பாக்கியிருந்த நாற்பது ரூபாயை நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். துயரம் மெல்ல மெல்லக் குறைவது வேறு. பொருள்களைக் கொடுத்துவிட்டு, கணக்கை முடித்துவிட்டு வரும் திடீர் அமைதி வேறு. உறக்கம் அடியோடு கெடுவது, கைப்பேசியைத் தொடாமல் போடுவது, “நான் இல்லன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்” என்பதுபோல் விளையாட்டாகச் சொல்வது, தம்பி தங்கையிடம் “அம்மாவைப் பாத்துக்கோ” என்று ஒப்படைப்பது போன்றவற்றையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன்.

அந்தத் தாய் அன்று செய்தது ஒன்றுதான்: நேராகக் கேட்டார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, “செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?” என்றார். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பதே மனநல மருத்துவர்கள் சொல்வது. மறைத்து வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு விடுதலையாகவே இருக்கிறது. அவன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தான். அப்போது அவர் திட்டவில்லை, “எங்களை நெனச்சுப் பாத்தியா?” என்று கேட்கவுமில்லை. அந்தக் கேள்வி நம் வாயில் முதலில் வருவது இயல்புதான், ஆனால் தோற்றுப்போனதால் வந்த குற்ற உணர்வின் மேல் இன்னொன்றை ஏற்றிவைப்பதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை. “சொன்னியே, அதுவே போதும். இன்னைக்கு உன் கூடவே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, தந்தைக்கு ஆள் அனுப்பினார்.

தந்தை வந்ததும் செய்த முதல் வேலை, பயிருக்கு வாங்கி வைத்திருந்த மருந்தையும் வீட்டிலிருந்த மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டுபோய் அண்ணன் வீட்டில் பூட்டி வைத்ததுதான். நம் ஊரில் பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உயிரை விடும் வேகம் பல நேரங்களில் சிறிது நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருந்தால் அந்த வேகம் கடந்துபோக வாய்ப்பிருக்கிறது. பரணில் ஒளித்து வைப்பது போதாது, பிள்ளைகளுக்குத் தெரியாத பரண் எந்த வீட்டிலும் இல்லை.

அன்றிரவே அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணுக்குப் பேசினார்கள். அது கட்டணமில்லாதது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மறுநாள் காலை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்கள். பிள்ளை ஏற்கெனவே ஏதேனும் செய்துகொண்டதாகச் சந்தேகம் வந்தாலோ, தனியே விட முடியாத நிலையில் இருந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுவருவது இன்றும் நடக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அந்த அச்சத்தால் ஒரு நிமிடமும் இழக்க வேண்டாம்.

அந்த மாணவன் துணைத் தேர்வில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதினான், அப்போதும் தேறவில்லை. ஆனால் அதற்குள் வீட்டில் இதைப் பேசும் பழக்கம் வந்திருந்ததால் இரண்டாவது முடிவை அவர்களால் தாங்க முடிந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தான்.

தேறியவர்களின் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். 570 எதிர்பார்த்து 521 வாங்கிய ஒரு மாணவி மூன்று நாளாக அறையைவிட்டு வெளியே வரவில்லை என்று நேற்றுத்தான் அறிந்தேன். “பாஸாயிட்டியே, இன்னும் என்ன?” என்று சொல்வது அவருக்கு உதவாது. அதிக மதிப்பெண் பெற்றவர்களின் படங்களோடு வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டு நிறுத்திவிட்டேன். முன்பு அதை நானே ஆர்வமாகச் செய்து வந்தவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விடுமுறை என்றாலும் துணைத் தேர்வு முடியும்வரை ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 10 மணி முதல் மதியம் 1 மணி வரை நானும் ஓர் ஆசிரியரும் பள்ளியில் இருப்போம். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்ததுபோல் வந்தாலும் போதும். எதற்காக வந்தீர்கள் என்று மற்றவர் முன் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்