ஆண்டறிக்கை 2024–25: கும்பகோணம் பட வரைபடப் பணி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது ஒரே வேலை. 2028 மகாமகத்துக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் கையில் வைத்துக்கொண்டு நடக்க, ஊரின் நடுப்பகுதிக்கு ஒரு பட வரைபடம் போட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் கோடு போட்டால் பத்து நாளில் முடிந்துவிடும் என்று அன்றைக்குச் சொன்னவன் நான்தான். ஏன் ஆண்டு முழுக்க இழுத்தது என்பதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பும் எனக்குத்தான்.

முதல் தவறு படத்திலேயே. இணையத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தை வைத்து நம் இளைஞர்கள் பாதி ஊரை வரைந்துவிட்டார்கள். அந்தப் படத்தின் மேல் வரைந்து வரைபடமாக அச்சிட அதன் விதிமுறை இடம் கொடுக்காது என்பதை அப்புறம்தான் படித்தோம். வரைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, உரிய அனுமதி வாங்கி, ட்ரோன் வைத்திருக்கும் ஒருவரை அமர்த்திச் சொந்தமாகப் படம் எடுத்தோம். தாழ்ந்த வெயிலில் நிழல் நீண்டு விழுந்து தெரு எது, நிழல் எது என்று தெரியாமல் போகும் என்பதால் உச்சி வேளையில் பறக்கவிட்டோம். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் மேல் முக்கால் பங்கு ஏறி விழும்படி எடுத்தால்தான் மென்பொருள் அவற்றை ஒரே படமாகத் தைக்கும்.

தைத்த பிறகும் சார்ங்கபாணி கோபுரம் சாய்ந்தே கிடந்தது. கேமராவுக்கு நேர் கீழே இருப்பது மட்டுமே நேராகத் தெரியும். தள்ளியிருக்கும் உயரமான எதுவும் வெளிப்பக்கமாகச் சாயும். 120 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு நேர் கீழிருந்து 60 மீட்டர் தள்ளி 50 மீட்டர் உயரக் கோபுரம் நின்றால், அதன் உச்சி தரையில் 40 மீட்டருக்கும் மேல் தள்ளிப்போய் விழும். கோபுரத்தை விடுங்கள், ஓரத்தில் இருக்கும் மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி 7 மீட்டர் நகர்ந்தால் பக்கத்துச் சந்து மொத்தமாக மறைந்துவிடும். மென்பொருள் இதைப் பெரும்பாலும் சரிசெய்கிறது, ஆனால் கட்டட ஓரங்கள் மெழுகு உருகியது போல நெளிந்து நிற்கின்றன. அதனால் சுவர் மண்ணைத் தொடும் கோட்டைத்தான் வரைய வேண்டும், மாடியின் விளிம்பை வரையக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டோம். அந்தக் கோடு தெரியாத இடங்களிலும் மரம் மூடிய சந்துகளிலும் நேரில் போய் நாடா பிடித்து அளந்தோம்.

அடுத்து நிறம். படத்தைத் தானாகவே ஆறு நிறத்துக்குச் சுருக்கும் வசதி இங்க்ஸ்கேப்பில் இருக்கிறதே என்று ஒருவர் செய்து கொண்டுவந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீலத் தகரக் கூரைகளெல்லாம் குளமாகிவிட்டன. பாசி படிந்த குளம் பூங்காவாகிவிட்டது. மே மாதத்தில் எடுத்த படம் என்பதால் காவிரி முழுக்க மணல், அதுவும் அகலமான சாலையைப் போலப் பழுப்பாகக் கிடந்தது. கண்ணுக்குத் தெரிகிற நிறம் வேறு, அந்த இடம் என்ன என்பது வேறு. வறண்டிருந்தாலும் காவிரி நீலம், பாசி இருந்தாலும் குளம் நீலம், கூரை எந்த நிறத்தில் இருந்தாலும் வீடெல்லாம் ஒரே வெளிர் சந்தனம் என்று கையால் நிரப்பினோம். வண்ணத்தில் நன்றாக இருந்த அந்த முதல் மாதிரியைக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுத்தபோது இன்னொன்றும் புரிந்தது. பச்சையும் நீலமும் ஒரே சாம்பலாக வந்தன. மகாமகச் சமயத்தில் கடைக்காரர்கள் இதை ஜெராக்ஸ் எடுத்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே நீலத்தை அடர்த்தியாக்கி, பச்சையை வெளுக்கவிட்டோம்.

இனி சண்டைக்கு வருகிறேன். நம் தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 40 மீட்டர். 4 மீட்டர் அகலச் சந்து தாளில் 1 மி.மீ. மட்டுமே, அதற்குள் பெயர் எழுத முடியாது. பெயர் எழுத 3 மி.மீ. தேவை, அதாவது சந்தை 12 மீட்டர் அகலமாகக் காட்ட வேண்டும். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு சந்துகள் இணையாகப் போனால், தாளில் இரண்டின் நடுக்கோடுகளுக்கும் இடையே இருப்பது 5 மி.மீ. இரண்டையும் 3 மி.மீ. ஆக்கினால் நடுவில் இருக்கும் வீடுகளுக்கு மிஞ்சுவது 2 மி.மீ. ஒன்று சந்துகளைச் சற்று விலக்கி வரைய வேண்டும், இல்லையென்றால் ஒன்றை விட்டுவிட வேண்டும். விலக்கினால் அடுத்த தெரு நெருக்கப்படுகிறது. அதையும் தள்ளினால் அதற்கடுத்தது. கோயிலும் குளமும் இருக்கிற இடத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. கடைசியில் இரு பக்கமும் வழி திறந்திருக்கும் சந்துகளை வைத்துக்கொண்டு, முட்டுச் சந்துகளை எடுத்துவிட்டோம். அப்படிப்பட்ட ஒன்றில் குடியிருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் மாதிரியைக் கண்ணாடி போட்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “அறுபது வருஷமா குடியிருக்கேன் தம்பி, என் வீட்டையே எடுத்துட்டீங்களே” என்றார். என்னிடம் பதில் இல்லை. சந்து வரவில்லை, அதன் முனையில் ஒரு சின்னக் குச்சிக் கோடு மட்டும் வந்திருக்கிறது.

நேராக்குவதிலும் அளவு மீறினோம். எல்லாக் கோணத்தையும் 90, 45 பாகைக்குள் அடக்கினால் படம் துப்புரவாக இருக்கும் என்று மகாமகக் குளத்தைச் சதுரமாக்கினோம். அந்தக் குளத்தின் நான்கு கரையும் ஒரே அளவு கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்கள் எல்லாம் வேறு ஊர்க் குளம் என்றார்கள். தெருக்களை நேராக்கலாம், குளத்தை நேராக்கக் கூடாது என்று திருத்தினோம். கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் உண்மை அளவில் போட்டால் புள்ளியாகத்தான் இருக்கும் என்பதால் அவற்றை மட்டும் பெரிதாக்கி, எண்ணிப் பார்க்கும்படி வைத்தோம். நாமே பலமுறை எண்ணினோம்; ஒரு முறை 15 வந்தது.

கோபுரப் படங்களில் நான் எதிர்பார்க்காத ஒரு சிக்கல். மேலிருந்து பார்த்தால் கோபுரம் வெறும் செவ்வகம், யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆகவே முன்பக்கத் தோற்றத்தை வரைந்து ஒட்டினோம். வடக்கு மேலே இருக்கும் தாளில் நிமிர்ந்து நிற்கும் கோபுரம் தெற்குப் பார்த்ததாகத் தோன்றும். வெளியூர் உறவினர் ஒருவரிடம் கொடுத்துச் சோதித்தபோது, சார்ங்கபாணி கோயிலுக்குத் தெற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் நின்றார். கும்பேசுவரர், சார்ங்கபாணி, சக்கரபாணி மூன்று கோயில்களுமே கிழக்குப் பார்த்தவை. இப்போது கோபுரத்தைக் கோயிலின் நடுவில் போடாமல் கிழக்கு விளிம்பில் போட்டு, வாசலில் சிவப்பு அம்பு வைத்திருக்கிறோம்.

வரைபடம் சுற்றுலாவுக்கானது, சந்துகளை விலக்கியும் அகலப்படுத்தியும் வரைந்திருப்பதால் இதை வைத்து யாரும் இடத்தை அளக்கவோ எல்லைத் தகராறு தீர்க்கவோ கூடாது. ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார். இந்த வரியை மூலையில் அச்சிடச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

திருத்த மாதிரி சங்க அறையின் சுவரில் ஒட்டியிருக்கிறது. பிழை கண்டவர்கள் இம்மாத இறுதிக்குள் குறித்து வைக்கலாம். பென்சிலால் மட்டும் குறிக்கவும், பேனா வேண்டாம்.

செயலாளர்